ஒரே பிட்காயின், இரண்டு சார்ட்

பிட்காயினுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒற்றை விலை கிடையாது. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் தனி ஆர்டர் புக், அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல், உண்டு. அங்கே நடந்த வர்த்தகங்களில் முதல் விலை, உச்சம், தாழ்வு, கடைசி விலை ஆகிய நான்கையும் எடுத்துத்தான் சார்ட்டில் ஒரு நாளையோ ஒரு மணியையோ காட்டும் அந்த எக்ஸ்சேஞ்சின் கேண்டில் உருவாகிறது. ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் விற்பவர்கள் இருப்பதால் விலைகள் பெரும்பாலும் ஒட்டியே நகர்கின்றன. ஆனால் ஆர்டர் புக் மெலிந்த இடத்தில் ஒரு பெரிய விற்பனை வந்தால், அவர்கள் வந்து சேர்வதற்குள் விலை எங்கேயோ போய்விடும்.

2021 அக்டோபர் 21 அன்று பைனான்ஸ் யுஎஸ்ஸில் பிட்காயின் சுமார் 65,000 டாலரிலிருந்து 8,200 வரை சரிந்து, உடனே மீண்டது. ஒரு பெரிய வாடிக்கையாளரின் தானியங்கி நிரலில் இருந்த பிழையே காரணம் என்றது நிறுவனம். இப்படிப் போய்த் திரும்பிய விலை கேண்டிலில் ஒரு மெல்லிய விழுதாகத் தெரியும்; மற்ற இடங்களின் சார்ட்டில் அந்த விழுது இல்லை. க்ளோஸை, அதாவது கடைசி விலையை மட்டும் பார்க்கும் மூவிங் ஆவரேஜுக்கு இது தெரியவே தெரியாது. உச்சத்தையும் தாழ்வையும் பார்த்து விலை நாளொன்றுக்குச் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் 14 நாள் ஏடிஆரிலோ, அந்த ஒரு விழுதே சுமார் 4,000 டாலரைக் கூட்டிவிடும். அதை வைத்து, நஷ்டத்தை நிறுத்தத் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் போடுபவருக்கு அடுத்த சில வாரங்களுக்குத் தூரமெல்லாம் தவறாகவே வரும்.

இப்படிப்பட்ட விழுது கண்ணில் படும். நாள் எப்போது முடிகிறது என்ற வேறுபாடு படாது, அதனால் அதுதான் அதிகம் ஏமாற்றும். கிரிப்டோ சந்தை மூடுவதே இல்லை. ஆகவே தினசரி க்ளோஸ் என்பது நாமாக வைத்துக்கொண்ட ஒரு கோடுதான். பல எக்ஸ்சேஞ்சுகள் அதை யுடிசி நள்ளிரவில், அதாவது இந்திய நேரம் காலை 5:30க்கு வைக்கின்றன. ஓகேஎக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து நிரல் வழியே தரவு எடுக்கும் ஏபிஐயில் `1D` என்று கேட்டால் ஹாங்காங் நள்ளிரவில், நமக்கு இரவு 9:30க்கு, முடியும் கேண்டில் வரும். யுடிசி கேண்டில் வேண்டுமென்றால் `1Dutc` என்று கேட்க வேண்டும்.

இடையில் இருப்பது எட்டு மணி நேரம். ஆனால் நியூயார்க் பங்குச் சந்தையின் பிற்பகல் வர்த்தகம் முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது. ஒரு காயினுக்கு 100 டாலர் தடை, அதாவது விலை ஏற முயன்று திரும்பும் இடம், என்று வைத்துக்கொள்வோம். இரவு 9:30க்கு விலை 102. அப்புறம் அமெரிக்காவில் விற்பனை வந்து, காலை 5:30க்கு 97. ஹாங்காங் கேண்டில் தடைக்கு மேலே முடிந்து, பிரேக்அவுட், வாங்கு என்கிறது. யுடிசி கேண்டிலோ மேலே விழுதோடு தடைக்குக் கீழே முடிந்து, முயற்சி தோற்றது என்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பவை அதே வர்த்தகங்கள்தான்.

உங்கள் சிக்னல் இந்தக் கோட்டை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை மணிநேரக் கேண்டில்களை வைத்துச் சோதிக்கலாம். `df`இல் யுடிசி நேரப்படி மணிநேரக் கேண்டில்கள் இருந்தால், பைத்தானின் பாண்டாஸில் ஹாங்காங் நாளை இப்படி உருவாக்கலாம்:

```python
df.resample("24h", offset="16h").agg(
    {"open": "first", "high": "max",
     "low": "min", "close": "last"})
```

`16h` என்பதை `0h` முதல் `23h` வரை மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே விதியை ஓட்டிப் பாருங்கள். லாபம் ஓரிரு மணிகளில் மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் தற்செயல். எல்லா மணியிலும் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் அதை 24 தனித்தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது. எல்லாமே ஒரே தரவை வேறு வேறு இடத்தில் வெட்டியவை. அவற்றில் அதிக லாபம் தந்த மணியைப் பொறுக்கி எடுத்து வியாபாரம் செய்வது, தற்செயலையே விதியாக்கிக்கொள்வதாகும்.