அறக்கட்டளைக்கு ஒரு பட்ஜெட் விதிமுறை: யார் முன்மொழியலாம், யார் ஒப்பலாம், யார் மாற்றலாம், யார் செலவழிக்கலாம்

பட்ஜெட் இல்லாத அறக்கட்டளை அரிது. ஆனால் அந்த பட்ஜெட்டை யார் எந்த அளவுக்குக் கையாளலாம் என்று எழுதி வைத்திருப்பவை குறைவு. ஆண்டுத் தொடக்கத்தில் நிர்வாகக் குழு கூடி ஒரு தாளை ஏற்றுக்கொள்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு தலைப்பில் பணம் தீர்ந்து, இன்னொன்றில் மிஞ்சி நிற்கும்போது, அன்றைக்கு அலுவலகத்தில் இருப்பவர் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்கிறார். தணிக்கையில் கேள்வி வரும்போது யாரிடமும் பதில் இருப்பதில்லை. விதிமுறை எழுதுகிறவர்கள் ஒப்புதல் பற்றி இரண்டு பக்கமும், திருத்தம் பற்றி ஒரே வரியும் எழுதுவது வழக்கம். என் கருத்தில் அது தலைகீழாக இருக்க வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் ஆண்டின் நடுவில்தான்.

எழுதத் தொடங்கும் முன் அறக்கட்டளைப் பத்திரத்தையோ சங்க விதிகளையோ ஒருமுறை படித்துவிடுங்கள். அதிகாரத்தைக் கீழே பகிர்ந்தளிக்க அதில் இடமிருக்கிறதா, எந்த முடிவைக் குழுவே எடுத்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விதிமுறை அதற்கும் நாட்டின் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டது; முரண்பட்டால் விதிமுறையின் அந்தப் பகுதி நிற்காது.

முன்மொழிவும் ஒப்புதலும்

ஒரு தலைப்புக்கான தொகையை அந்தப் பணியை நடத்தப்போகிறவரே முன்மொழிய வேண்டும். பொருளாளரோ கணக்காளரோ தனியே உட்கார்ந்து சென்ற ஆண்டுத் தொகையோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால், அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். முன்மொழிவோடு கணக்கின் அடிப்படையும் வர வேண்டும்: எத்தனை பேருக்கு, என்ன விலையில், எத்தனை மாதம். எதிர்பார்க்கும் வரவையும் இரண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: கடிதமோ ஒப்பந்தமோ கையில் உள்ள வரவு ஒன்று, வரும் என்ற நம்பிக்கையில் உள்ளது இன்னொன்று. இரண்டாவது வகையை நம்பிய செலவு, பணம் உறுதியாகும் வரை தொடங்கக் கூடாது என்று விதியிலேயே எழுதலாம்.

பொருளாளர் இவற்றைத் தொகுத்து, கேள்வி கேட்டு, வரைவாக்கிக் குழுவுக்கு அனுப்புவார். முழு பட்ஜெட்டை ஒப்பும் அதிகாரம் குழுவுக்கு மட்டுமே உரியது. புதிய ஆண்டு பிறந்தும் பட்ஜெட் ஒப்பப்படாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி தேவை. சம்பளம், வாடகை, ஏற்கெனவே செய்த ஒப்பந்தங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் மாதாமாதம் சென்ற ஆண்டுத் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை செலவழிக்கலாம், புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது போதுமான ஏற்பாடு.

ஆண்டின் நடுவில் மாற்றுவது

திருத்தம் மூன்று வகை. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றுவது மறு ஒதுக்கீடு. இதில் மொத்தத் தொகை மாறாது. மொத்தத்தையே கூட்டுவது துணை ஒதுக்கீடு. பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் இதைக் குழுவின் முன் வைக்கவே கூடாது. எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து எடுப்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒப்புபவர் வேறு வேறாக இருக்கலாம். ஆகவே ‘தேவைப்பட்டால் பட்ஜெட்டைத் திருத்திக்கொள்ளலாம்’ என்று பொதுவாக ஒரு வரி எழுதினால், மூன்றையும் ஒருவரிடமே கொடுத்ததாகிவிடும்.

மறு ஒதுக்கீட்டு விதியை இப்படி எழுதலாம்:

“ஒரே திட்டத்துக்குள், ஒரு தலைப்பின் தொடக்க ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை நிர்வாக இயக்குநரும் பொருளாளரும் சேர்ந்து எழுத்து மூலம் வேறு தலைப்புக்கு மாற்றலாம். இந்த வரம்பு ஆண்டு முழுவதும் செய்த மாற்றங்களின் கூட்டுத்தொகைக்கு உரியது. இதற்கு மேற்பட்ட மாற்றமும், ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கான மாற்றமும், சம்பளத் தலைப்பைத் தொடும் எந்த மாற்றமும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் மட்டுமே செய்யப்படும். நிபந்தனையுடன் வந்த நிதியை நன்கொடையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வேறு நோக்கத்துக்கு மாற்றக் கூடாது.”

சதவீதம் உங்கள் அமைப்புக்கு ஏற்ப மாறலாம். ‘கூட்டுத்தொகை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பெரிய மாற்றத்தை இரண்டு சிறிய மாற்றங்களாக உடைத்து வரம்புக்குள் நுழைத்துவிடலாம். சம்பளத் தலைப்பைத் தனியே சொல்வதற்கும் காரணம் உண்டு. ஒரு பணியிடம் சில மாதம் காலியாக இருந்ததால் மிஞ்சிய பணத்தைக் கொண்டு, ஆண்டுதோறும் தொடரும் ஒரு செலவைத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பணியிடத்தில் ஆள் வந்ததும் இரண்டுக்கும் பணம் தேவைப்படும்.

இந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கு 3,00,000, பயிற்சிப் பொருட்களுக்கு 5,00,000, எதிர்பாராச் செலவுக்கு 1,00,000 ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பாதி ஆண்டில் போக்குவரத்தில் 2,10,000 செலவாகியிருக்கிறது. கணக்குப் புத்தகம் 90,000 மிச்சம் என்கிறது. ஆனால் வண்டி வாடகைக்கு ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இன்னும் 60,000 கொடுக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் கையில் உள்ளது 30,000. அந்த ஒப்பந்தம் போக, ஆண்டு முடிவதற்குள் இன்னும் 1,50,000 வேண்டும். பற்றாக்குறை 1,20,000.

பயிற்சிப் பொருட்களில் செலவும் ஆர்டர் கொடுத்ததும் சேர்த்து 3,00,000. மீதி 2,00,000. ஆண்டு முடிவதற்குள் இன்னும் 1,00,000 போதும் என்று திட்ட அலுவலர் சொல்கிறார். அப்படியானால் 1,00,000 மிச்சம், அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இங்கே நிற்க வேண்டும். அந்த 5,00,000-இல் 3,00,000 ஒரு நன்கொடையாளர் புத்தகங்களுக்கு மட்டும் என்று கொடுத்தது. மற்ற 2,00,000 பொது நிதி. இதுவரை ஆன 3,00,000-இல் புத்தகங்களுக்கு 2,20,000, எழுதுபொருள்களுக்கு 80,000. ஆகவே புத்தக நிதியில் 80,000-உம், பொது நிதியில் 1,20,000-உம் மிச்சம். இனி வேண்டிய 1,00,000-இல் 60,000 புத்தகங்களுக்கு, 40,000 மற்றவற்றுக்கு. கழித்துப் பார்த்தால் பொது நிதியில் மிஞ்சுவது 80,000; அதை மட்டும்தான் மாற்ற முடியும். புத்தக நிதியில் மிஞ்சும் 20,000-ஐத் தொட முடியாது.

இந்தப் பிரிவினை பில் வரும்போதே வவுச்சரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தத் தலைப்பு என்பதோடு எந்த நிதி என்பதும் அதில் இருக்க வேண்டும். பாதி ஆண்டு கழித்துப் பழைய பில்களைப் புரட்டி ஊகிக்கும் நிலை வந்தால், கணக்கு தேவைக்கேற்ப வளைந்துவிடும். வவுச்சரில் நிதியின் பெயர் இல்லாதிருப்பது, நிபந்தனை நிதி கலந்துபோகத் தொடங்கிவிட்டது என்பதற்கு நம்பகமான அறிகுறி.

சரி, 80,000-ஐ மாற்ற யாருக்கு அதிகாரம்? பயிற்சிப் பொருட்களின் தொடக்க ஒதுக்கீட்டில் 10 சதவீதம் 50,000. எனவே இது இயக்குநர், பொருளாளர் இருவரின் வரம்பைத் தாண்டுகிறது. குழுவுக்குப் போக வேண்டும். மீதி 40,000-ஐ எதிர்பாராச் செலவிலிருந்து எடுக்கலாம். ஆனால் வண்டி வாடகை ஏறும் என்று பட்ஜெட் போடும்போதே தெரிந்திருந்தால் அது எதிர்பாராச் செலவாகாது என்று குழு உறுப்பினர் யாரேனும் கேட்பார், கேட்கவும் வேண்டும். குழு ஒப்பினால் திருத்திய பட்ஜெட்டில் போக்குவரத்து 4,20,000, பயிற்சிப் பொருட்கள் 4,20,000, எதிர்பாராச் செலவு 60,000. மூன்றையும் கூட்டினால் முன்போலவே 9,00,000.

தொடக்க பட்ஜெட்டின் எண்களை அழித்து எழுதக் கூடாது. தொடக்க ஒதுக்கீடு, திருத்திய ஒதுக்கீடு, செய்த செலவு, கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை என நான்கு பத்திகள் ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி, தொகை, காரணம், ஒப்பியவர் பெயர், தீர்மானம் இருந்தால் அதன் எண் ஆகியவை ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். பொருளாளர் அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் குழுவின் முன் வைப்பார்; தம் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்த சிறு மாற்றங்களும் அதில் இருக்கும்.

செலவழிக்கும் அதிகாரம்

பட்ஜெட்டில் ஒரு தொகை ஒப்பப்பட்டதாலேயே அதைச் செலவழிக்க யாருக்கும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை. எந்தப் பொறுப்பில் உள்ளவர் எத்தனை தொகை வரை ஒப்பலாம் என்ற அட்டவணை தனியே வேண்டும். அந்த வரம்பு பணம் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் என்று வைத்தால் பயனில்லை. ஆர்டர் கொடுத்த அன்றே அறக்கட்டளை கட்டுப்பட்டுவிடுகிறது. பொருள் வந்திறங்கிய பிறகு வரும் பில்லை யார் மறுக்க முடியும்? ஆகவே ஆர்டரிலோ ஒப்பந்தத்திலோ கையெழுத்திடும் முன், அந்தத் தலைப்பில், கடமைப்பட்ட தொகையும் போக, பணம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து ஒப்புவதையே விதி கேட்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடும் ஒப்பந்தத்தில் மாதத் தொகையைப் பார்க்காமல் மொத்தக் காலத்துக்கான தொகையை வரம்போடு ஒப்பிட வேண்டும்.

செலவைக் கேட்பவர், ஒப்புபவர், பணம் அனுப்புபவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. மூன்று பேரே உள்ள சிறு அமைப்பில் அது எப்போதும் முடியாது. அங்கேயும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது: தன் செலவைத் தானே ஒப்பக் கூடாது. தலைவரின் பயணச் செலவைப் பொருளாளர் ஒப்பட்டும்; பொருளாளருடையதை வேறொரு அறங்காவலர் ஒப்பட்டும். உறவினரிடமிருந்தோ தனக்குப் பங்குள்ள நிறுவனத்திடமிருந்தோ வாங்கும்போது சம்பந்தப்பட்டவர் அந்த முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும். அவர் விலகி நின்றார் என்பதும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

ஒருவர் விடுப்பில் போகும்போது அவர் இடத்தில் யார் ஒப்புவார், எந்தத் தேதி வரை, எந்த வரம்புக்குள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அவசரச் செலவுக்கு ஒரு வாசல் வையுங்கள்: உயிருக்கோ சொத்துக்கோ உடனடி ஆபத்து என்ற நிலையில் தலைவரும் பொருளாளரும் குறிப்பிட்ட தொகை வரை அனுமதிக்கலாம், இத்தனை நாளுக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். இது தவிர, அனுமதியின்றிச் செய்த செலவைக் குழு பின்னர் ஏற்றுக்கொள்ளும் நிலை வரலாம். அப்போது ‘விதி மீறப்பட்டது, இந்தக் காரணத்தால் பின்னேற்பு அளிக்கப்படுகிறது’ என்றே தீர்மானம் எழுத வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பின்னேற்பு நடக்கிறதென்றால், வரம்பு மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது யாரும் அதைப் படிக்கவில்லை.

விதிமுறை நிறைவேறிய அன்றே வங்கி ஏற்பாட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். தாளில் இரண்டு ஒப்புதல் என்று எழுதிவிட்டு, இணைய வங்கிக் கணக்கில் ஒரே ஆள் பதிவிட்டு அவரே உறுதிசெய்ய முடிகிறதென்றால் நடைமுறையில் ஓடுவது வங்கியின் ஏற்பாடுதான். ஒருவர் பதிவிட, மற்றவர் உறுதிசெய்யும் முறைக்கு விண்ணப்பியுங்கள். பொறுப்பிலிருந்து விலகியவர்களின் கையெழுத்து அதிகாரத்தை நீக்க வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். பழைய பெயர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டியலில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

எடுத்துக்காட்டில் மிஞ்சிய 20,000-க்கு, ஆண்டு முடியும் முன்பே நன்கொடையாளருக்கு எழுத வேண்டும். அடுத்த ஆண்டு புத்தகங்களுக்கே வைத்துக்கொள்ளவா, வேறு பொருளுக்குச் செலவிடச் சம்மதிக்கிறீர்களா, திருப்பி அனுப்பவா என்று கேளுங்கள். பதில் வரும் வரை அந்தத் தொகை கணக்கில் நிபந்தனை நிதியாகவே தனியே நிற்கும்.