விரிஞ்சிபுரம் கல்வெட்டும் கடன் வாங்கிய அடிக்குறிப்பும்

வேலூர்ப் பக்கம் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிற வேலை எனக்கு. வட ஆற்காடு வரலாறு என்றால் விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்று எப்படியும் வந்துவிடும். விஜயநகர தேவராயர் காலம், 1425ஐ ஒட்டியது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடித் திருமண ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்ட செய்தி அதில் இருக்கிறது. இதை ‘வரதட்சணை ஒழிப்புக் கல்வெட்டு’ என்று எழுதி, அடியில் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 1’ என்று போட்டுவிடுவார்கள்.

சரி, அந்தத் தொகுதியைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. பார்த்ததெல்லாம் வேறொருவர் எழுதிய புத்தகத்தில் இருந்த இரண்டு வரி, கூடவே அவர் போட்ட அடிக்குறிப்பு.

ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த அந்தத் தொகுதியில் கல்வெட்டு வாசகமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. இனிமேல் கன்னிகாதானமாகத்தான் மணம் முடிக்க வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்து மணம் செய்பவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள், பிராமண சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்பதுதான் செய்தி. பொன் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணின் தகப்பனுக்கு! நம் ஊரில் பரிசப் பணம் என்போமே, அது. வரதட்சணை இதற்கு நேர் எதிர்த்திசை. ‘அன்றே வரதட்சணை இருந்தது, அதனால்தான் தடை’ என்று ஒரு இயல் முழுக்கக் கட்டிய வாதம், மூலத்தின் இரண்டு பக்கத்தைப் படித்ததும் உட்கார்ந்துவிடுகிறது.

அந்த இரண்டு வரியை எழுதிய புத்தக ஆசிரியர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தன் பேச்சுக்கு வேண்டிய அளவு எடுத்து, ‘திருமணத்தில் பொன் வாங்கத் தடை’ என்று சுருக்கியிருப்பார். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது அந்தச் சுருக்கத்தில் போய்விடும், மிச்சத்தை நாம் இன்றைய பழக்கத்தை வைத்து நிரப்பிக்கொள்வோம்.

அடிக்குறிப்பை அப்படியே தூக்கி வைத்தால் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அந்தப் புத்தகத்தில் பக்க எண் தவறாக அச்சாகியிருந்தால் அதே தவறு உங்கள் ஏட்டிலும் இருக்கும், அவர் மேற்கோளை வெட்டிப் புள்ளி வைத்த அதே இடத்தில் உங்கள் மேற்கோளிலும் புள்ளி இருக்கும். வாய்மொழித் தேர்வில் மூலத்தைப் புரட்டியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்தத் தொகுதி ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கிறது, ஆகவே சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் சில மூலங்கள் நிஜமாகவே கைக்கு எட்டாது, அச்சில் இல்லாமல் போயிருக்கும், அல்லது நமக்குத் தெரியாத மொழியில் இருக்கும். அப்போது மூல ஆசிரியர் பெயரை வாக்கியத்தில் சொல்லி, அடைப்புக்குறிக்குள் ‘எடுத்தாண்டவர்’ என்று போட்டு, நீங்கள் படித்த நூலின் ஆசிரியர், ஆண்டு, பக்கம் கொடுங்கள். ஏபிஏ முறைப்படி துணைநூற்பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும்தான் வரும், மூலம் வராது. பட்டியல் மெலிந்துவிடுகிறதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள், மெலியட்டும்.