நாமாட்சரம்: பெயரின் முதலெழுத்து எங்கிருந்து வருகிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குழந்தை பிறந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஜோசியரிடம் போவார்கள். அவர் ஒரு தாளில் நட்சத்திரம், பாதம், ராசி எழுதி, அதற்குக் கீழே "தி, து, தே, தோ" என்பதுபோல நான்கு எழுத்தும் எழுதிக் கொடுப்பார். பெயர் இவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். இந்த எழுத்துதான் நாமாட்சரம். பேச்சில் "நட்சத்திர எழுத்து" என்பார்கள், அல்லது "பேர் எழுத்து".

நாமம் என்றால் பெயர். அட்சரம் என்பது வடமொழி அக்ஷரம்; அழியாதது என்பது அதன் வேர்ப்பொருள். பிறகு அது வாயால் ஒரே மூச்சில் சொல்லும் ஓர் ஒலிக்கூறைக் குறிக்க வந்தது. ஆகவே நாமாட்சரம் என்பது பெயரின் முதல் ஒலி. அது காதுக்கு உரியது, தாளில் எழுதும் வடிவத்துக்கு உரியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பழக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதி தானாகத் தெளியும்.

எழுத்துப் பட்டியல் பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களில் இருக்கும். நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. பரணிக்கு லி, லு, லே, லோ. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. மேலிருந்து படித்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை இறைத்துவிட்ட மாதிரி தெரியும். ஆனால் கார்த்திகையிலிருந்து படித்துப் பாருங்கள். அ, இ, உ, எ முடிந்து ரோகிணியில் ஓ, வ, வி, வு. மிருகசீரிடத்தில் வே, வோ, க, கி. அகர வரிசை ஐந்து ஒலி, பிறகு வகர வரிசை ஐந்து, பிறகு ககரம், ஹகரம், டகரம். இதனால்தான் இந்தச் சக்கரத்துக்கே அவகஹடச் சக்கரம் என்று பெயர்.

கணக்கும் அழகாக இருக்கிறது. அ-வ-க-ஹ-ட, ம-ட-ப-ர-த, ந-ய-ப-ஜ-க, க-ஸ-த-ச-ல என்று நான்கு கூட்டம், கூட்டத்துக்கு ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து ஒலி. மொத்தம் 100. கூட்டத்துக்கு மூன்று உதிரி ஒலிகளாக 12 சேர்ந்து 112 ஆகிறது. நட்சத்திரத்துக்கு நான்கு என்றால் 28 நட்சத்திரம். இன்று நாம் எண்ணுவது 27 தானே? உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவில் அபிஜித் என்று ஒன்றைச் சேர்த்து எண்ணிய கணக்கு இது. அபிஜித்தை விட்டுவிட்டதால்தான் சில பட்டியலில் திருவோணத்துக்கு ஜு, ஜே, ஜோ, கா என்றும், வேறு சிலவற்றில் கி, கு, கே, கோ என்றும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு எது தப்பு என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. அச்சுப்பிழை இல்லை, முதல் வகை அபிஜித்தின் எழுத்து, இரண்டாவது திருவோணத்துக்கே உரிய எழுத்து.

மேலே உள்ள நான்கு கூட்டத்தைத் திரும்பப் பாருங்கள். தமிழில் எழுதினால் க மூன்று முறை வருகிறது. ட, ப, த இரண்டிரண்டு முறை. வடமொழியில் அவை வெவ்வேறு எழுத்துகள். தமிழ் எழுத்தில் அவை ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே "கி" என்று தமிழில் எழுதினால் அது மிருகசீரிடம் நாலாம் பாதமாகவும் இருக்கலாம், அவிட்டம் இரண்டாம் பாதமாகவும் இருக்கலாம், திருவோணமாகவும் இருக்கலாம். கிருஷ்ணன் என்பதில் வரும் வல்லொலி மிருகசீரிடத்துக்கு உரியது. கீதா என்பதில் வரும் மெல்லிய ஒலி அவிட்டத்துக்கு உரியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ பட்டியலைப் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது, அந்த எழுத்துகளிலேயே வேறுபாடு இருக்கிறது. தமிழில் படிப்பவர்கள் உச்சரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, தமிழ்ச் சொல் தொடங்கவே முடியாத எழுத்துகளும் பட்டியலில் உண்டு. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங, அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு ண, ரோகிணி நாலாம் பாதத்துக்கு வு. இவற்றுக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. அதே நட்சத்திரத்தின் மற்ற மூன்று எழுத்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம், ஜோசியர்களும் அதையே சொல்வார்கள். குறில் நெடில் வேறுபாடும் பார்ப்பதில்லை: தி என்றால் தீயும் அடங்கும்.

சரி, பாதம் எப்படி வருகிறது? வானத்தின் 360 பாகையை 27 ஆகப் பிரித்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை. அதில் நாலில் ஒன்று பாதம், 3 பாகை 20 கலை. நிலவு ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள், ஒரு பாதத்தைக் கடக்க ஏறத்தாழ 6 மணி நேரம். பாதம் என்ற வடசொல்லுக்கு அடி என்றும் பொருள், நாலில் ஒன்று என்றும் பொருள். தமிழில் கால் என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள் இருப்பதால் "முதற்கால், இரண்டாங்கால்" என்று சொன்னால் பொருள் கொஞ்சமும் குறையாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரூர்ப் பக்கம் 14-ஆம் தேதி மதியம் 1.45-க்கு ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஞ்சாங்கப்படி அன்று காலை 7.20-க்கு விசாகம் தொடங்கி மறுநாள் காலை 8.32-க்கு முடிகிறது. மொத்தம் 25 மணி 12 நிமிடம். நாலால் வகுத்தால் பாதத்துக்கு 6 மணி 18 நிமிடம். முதல் பாதம் மதியம் 1.38-க்கு முடிந்துவிட்டது. குழந்தை பிறந்தது இரண்டாம் பாதம், எழுத்து "து". இன்னொரு பஞ்சாங்கத்தில் விசாகம் 8.20-க்குத் தொடங்குகிறது என்றால் முதல் பாதம் 2.38 வரை போகும். எழுத்து "தி" ஆகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இப்படி நேரம் வேறுபடுவது சாதாரணம். வானத்தில் நிலவு உண்மையில் இருக்கும் இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். பிறந்த நேரம் பாத எல்லைக்கு அருகில் இருந்தால் எந்தப் பஞ்சாங்கம் பார்த்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஜாதகம் கணிக்கும்போது இரண்டு தாளில் இரண்டு விதமாக இருந்தால் காரணம் தெரியும்.

இந்தக் குழந்தையின் தாத்தா பெயர் தீர்த்தகிரி என்று வைத்துக்கொள்வோம். தீர்த்தமலை தீர்த்தகிரீஸ்வரர் பெயர், நம் பக்கம் பழைய தலைமுறையில் நிறையக் கேட்கும் பெயர். பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன், அதுதான் பேரன் ஆயிற்று; பெயர் வைப்பதில் தமிழருக்குச் சொந்தமான வழக்கம் இது. "தி" விசாகத்தின் எழுத்துதான் என்பதால் எந்தப் பஞ்சாங்கம் பார்த்தாலும் நட்சத்திர அளவில் தடை இல்லை. ஆனால் இளசுகளுக்கு நீளமாகத் தெரிகிறது, தீர்த்தன் என்று சுருக்குகிறார்கள். இங்கேதான் நியூமராலஜி உள்ளே வரும்.

நியூமராலஜிக்குக் கடைப்பலகைகளில் எண்கணிதம் என்று எழுதுகிறார்கள். எண்கணிதம் என்றால் கூட்டல் கழித்தல் படிக்கும் பாடம். எண் சோதிடம் என்பதே பொருந்தும் சொல். இங்கே பரவலாக உள்ளது கல்தேய முறை என்பார்கள். கீரோ என்ற புனைபெயரில் எழுதி 1936-இல் மறைந்த ஐரிஷ்காரரால் பேர்பெற்றது. இது ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுக்கிறது, 9 எந்த எழுத்துக்கும் இல்லை. நமக்கு வேண்டியவை மட்டும்: A, I = 1; R = 2; G = 3; M, T = 4; E, H, N = 5.

கவனியுங்கள், நட்சத்திர எழுத்து ஒலியைப் பார்க்கிறது; எண் சோதிடம் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் பார்க்கிறது. இரண்டிலும் "எழுத்து" என்ற ஒரே சொல்லைச் சொல்வதால் இரண்டும் ஒரே சாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

14-ஆம் தேதி பிறந்ததால் 1+4, பிறவி எண் 5, அதற்குரிய கோள் புதன். THEERTHAN என்று எழுதினால் கூட்டுத்தொகை 36, அதாவது 9. அப்பா பெயர் மாதேஷ் என்றால் முன்னெழுத்து M சேரும். 40, அதாவது 4. நாலையும் எட்டையும் தவிர்ப்பது எண் சோதிடர்கள் வழக்கம். ஆகவே ஓர் A கூட்டச் சொல்வார்கள்: M THEERTHAAN, 41, கூட்டினால் 5. எண் பொருந்திவிட்டது. ஆனால் அதை வாசித்துப் பாருங்கள்: தீர்த்தான். பெயர்ச்சொல் வினைமுற்றாகிவிட்டது. பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் அப்படித்தான் கூப்பிடுவார். இது எனக்குப் பொறுக்காத இடம். எண்ணுக்காக ஒலியைக் கெடுத்தால், ஒலியை வைத்துத் தேர்ந்தெடுத்த நட்சத்திர எழுத்துக்கு என்ன மரியாதை?

இப்போது தாத்தாவின் முழுப்பெயரையே போடுங்கள். THEERTHAGIRI 38, M சேர்த்தால் 42, அதாவது 6. ஆறு சுக்கிரனுக்கு உரியது, புதனுக்கு நட்பு என்று அவர்களே ஏற்கிறார்கள். ஓர் எழுத்தும் திருத்த வேண்டாம். எண் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் சுருக்காத பெயரையும் முன்னெழுத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் திருத்தத்துக்குப் போகலாம். முன்னெழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எண் சோதிடர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இந்தச் சக்கரத்துக்கு எதிர்த்திசைப் பயனும் உண்டு. ஜாதகம் இல்லாதவர்களுக்குப் பெயரின் முதல் ஒலியைக் கொண்டு நட்சத்திரம் கண்டுபிடிப்பார்கள், நாம நட்சத்திரம் என்பது அதுதான். பிறந்த தேதி தெரியாத மாதம்மாள் பாட்டிக்கு மா என்பதிலிருந்து மகம், சிம்ம ராசி. கல்யாணத்துக்குப் பெயர்ப் பொருத்தம் பார்ப்பதும் இந்த வழியில்தான். மகத்துக்கு மா தெளிவாகப் பொருந்தும். க, த, ட, ப ஒலிகளில் தொடங்கும் பெயர்களுக்கு மேலே சொன்ன குழப்பம் வரும் என்பதால் அங்கே இந்த முறையை நம்பிப் பொருத்தத்தை முறிக்காமல் இருப்பது நல்லது.

தமிழில் சொல்ல வேண்டுமென்றால் நட்சத்திரத்துக்கு நாள்மீன் என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஜென்ம நட்சத்திரம் பிறந்த நாள்மீன், நாமகரணம் பெயர்சூட்டு, நாமாட்சரம் பெயர் முதலெழுத்து அல்லது சுருக்கமாகப் பெயரெழுத்து. அழைப்பிதழில் இப்படிப் போட்டால் எல்லோருக்கும் புரியும்.

எழுத்து முடிவானதும் பதிவு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே சேர்க்க வேண்டியதில்லை, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை வழி உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. பெயர் ஏறிய பிறகு எண் பார்த்து ஓர் A-யைக் கூட்ட நினைத்தால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதி, வீட்டில் இரண்டு பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பத்தில் நிரப்புங்கள்.