பழைய பாப்கார்னும் தண்ணீர்க் கூடையும்

ஏழு நாள் ஆன பாப்கார்ன் நமத்துப்போய்விடும், யாருக்கும் பிடிக்காது. உளவியலாளர்கள் டேவிட் நீல், வெண்டி வுட் ஆகியோரின் குழு அதைத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சிலருக்கு மட்டும் புதிதாகப் பொரித்தது கிடைத்தது. 2011இல் வெளியான முடிவு வியப்பானது. படம் பார்க்கும்போதெல்லாம் பாப்கார்ன் சாப்பிட்டுப் பழகியவர்கள், பழையதையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். சுவை பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆனாலும் கை நிற்கவில்லை.

அதே பாப்கார்னைக் கூட்ட அறை ஒன்றில் கொடுத்துப் பார்த்தபோது, பழக்கம் உள்ளவர்களும் பழையதைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். திரையரங்கிலேயே, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் அப்படித்தான் நடந்தது. இருட்டு, இருக்கை, திரை ஆகியவற்றோடு ஒரு செயலைப் பலமுறை சேர்த்துச் செய்தால், பிறகு அந்தச் சூழலே செயலைத் தொடங்கிவைக்கிறது. 'எனக்கு இது வேண்டுமா?' என்ற கேள்வி எழுவதற்குள் கை போய்விடுகிறது. மனவுறுதி வேலை செய்ய அந்தக் கேள்வி எழ வேண்டும். இடத்தையோ கையையோ மாற்றியதும் கேள்வி திரும்பி வந்தது.

இதை நல்ல பழக்கத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்பதற்கு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் உணவகம் நல்ல சான்று. மருத்துவர் ஆன் தார்ன்டைக் குழு அங்கே இரண்டு கட்டமாக மாற்றம் செய்தது. முதல் மூன்று மாதங்கள் உணவுகளுக்கும் பானங்களுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்கள் இட்டார்கள். சிவப்பு என்றால் உடலுக்கு ஆகாதது. அடுத்த மூன்று மாதங்கள் பொருள்களை இடம் மாற்றினார்கள். குளிர்பெட்டியில் பச்சை அடையாளப் பானங்கள் கண்மட்டத்துக்கு வந்தன. சிவப்பு கீழே போனது. தண்ணீர் பாட்டில்களைக் கூடைகளில் நிரப்பி, உணவு எடுக்கும் இடங்களுக்கு அருகே வைத்தார்கள்.

அடையாளமிட்ட கட்டத்தில் சிவப்புப் பானங்களின் விற்பனை 16.5 சதவீதம் குறைந்தது. இடம் மாற்றிய பிறகு மேலும் 11.4 சதவீதம் குறைந்தது. பாட்டில் தண்ணீர் விற்பனை 25.8 சதவீதம் கூடியது. அதே வளாகத்தில் ஒப்பிடுவதற்காக மாற்றாமல் விட்ட இரு உணவகங்களில் தண்ணீர் விற்பனை கூடவில்லை. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் கூடையை மட்டும் சொல்லி அடையாளங்களை விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. அடையாளங்கள் ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் இடமாற்றம் கூடுதலாக வேலை செய்தது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். இத்தகைய தூண்டல்கள் குறித்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளை 2022இல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி கணக்கிட்டார்கள். வெற்றி பெற்ற ஆய்வுகளே அதிகம் வெளியாகின்றன என்பதைக் கழித்துப் பார்த்தபோது, சராசரி விளைவு ஏறக்குறைய மறைந்தே போனது. ஆகவே பிறர் இடத்தில் பலித்தது நம் வீட்டிலும் பலிக்கும் என்று நம்பிவிடாமல், செய்து பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எங்கே பலிக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். முறுக்கு டப்பா மேசைமேல் இருப்பதால், போகிறபோது வருகிறபோது இரண்டு எடுத்து வாயில் போடுகிறோம் என்றால், அதைப் பரணில் ஏற்றினால் போதும். பசித்து, ஏணி போட்டு எடுத்துத் தின்கிறோம் என்றால் காரணம் பசி; டப்பாவை எங்கே வைத்தாலும் பயனில்லை, சாப்பாட்டு நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். நினைவூட்டலுக்காகச் சுவரில் காகிதம் ஒட்டுவதும் நீடிக்காது. சில நாள்களில் கண் அதைச் சுவரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். இரவு மாத்திரையை மறப்பவர், பல் துலக்கும் பிரஷ்ஷை மாத்திரைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். பெட்டியைத் திறக்காமல் பிரஷ் கிடைக்காது.

மிகக் கடினமானது கைபேசி. அது நாம் போகும் இடமெல்லாம் தன் தூண்டலையும் தூக்கிக்கொண்டு வருகிறது. படுக்கையில் பார்ப்பதை நிறுத்த, சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுவதே பெரும்பாலோர் முதலில் செய்வது. ஆனால் காலையில் எழுப்புவதும் அந்தக் கைபேசிதான் என்பதால், சில நாள்களிலேயே அது தலையணைக்கு அருகே திரும்பிவிடும். ஒரு பொருளை அகற்றும்போது அது செய்துவந்த நியாயமான வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்தாக வேண்டும். இங்கே அது ஒரு சாதாரண அலாரம் கடிகாரம். சார்ஜரை நகர்த்துவதற்கு முன்பே அதை வாங்கிவிட வேண்டும்.