கணக்கை அழித்தாச்சு, அப்புறமும் பெயர் ஏன் கிடைக்கவில்லை?

"அந்தப் பெயரில் யாருமே இல்லை. தேடினால் 'பக்கம் இல்லை' என்றுதான் வருகிறது. ஆனால் நான் எடுக்கப் போனால் மட்டும் தர மாட்டேன் என்கிறது." கலைஞர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சமூக ஊடகக் கணக்குகளைப் பராமரித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். தளத்தில் ஏதோ கோளாறு என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பக்கம் தெரிவதும் பெயர் கிடைப்பதும் இரண்டு வேறு கேள்விகள், அவ்வளவுதான்.

ஒரு தளத்தின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிசை இருக்கும். அதில் யூசர்நேம் ஒரு கட்டம், கணக்கின் நிலை இன்னொரு கட்டம். தளத்துக்குத் தளம் விவரங்கள் மாறும், ஆனால் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
-- பக்கத்தைக் காட்ட
SELECT * FROM users
WHERE username = 'nizhalpadam' AND status = 'active';

-- புதிதாகப் பதிவு செய்ய
SELECT 1 FROM users
WHERE username = 'nizhalpadam';
```

முதல் கேள்வி, நடப்பில் இருக்கும் கணக்குகளை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது கேள்விக்கு நிலையைப் பற்றி அக்கறையே இல்லை. அந்தப் பெயரில் ஒரு வரிசை இருந்தால் போதும், கைவிரித்துவிடும். முடக்கப்பட்ட கணக்கு, உரிமையாளரே தற்காலிகமாக நிறுத்திவைத்த கணக்கு, அழிக்கச் சொல்லி காத்திருப்பில் நிற்கும் கணக்கு, இவை எல்லாமே முதல் கேள்விக்குப் பிடிபடாது, இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். உங்களைத் தடுத்துவைத்திருப்பவரின் பக்கமும் உங்கள் கண்ணுக்கு மட்டும் இல்லாததுபோலத் தெரியலாம். அதனால் 'பக்கம் இல்லை' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு பெயர் காலியாகிவிட்டது என்று முடிவுகட்ட வழியில்லை.

இதை ஒரு புகைப்படக் கலைஞரின் கதையோடு சொன்னால் எளிதாகப் புரியும். (மேலே உள்ள பெயர் நான் வைத்தது, அவருடைய உண்மையான பெயர் வேறு.) அவரிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. பழையதில் நல்ல பெயர், ஆனால் பின்தொடர்பவர்கள் குறைவு. புதியதில் ஆட்கள் நிறைய, பெயரோ வாலில் எண்கள் ஒட்டிய ஒன்று. பழைய கணக்கை அழித்துவிட்டால் பெயர் விடுபடும், உடனே புதியதில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். அழித்தும் விட்டார். புதிய கணக்கில் பெயரைத் தட்டினால், "இந்தப் பெயர் கிடைக்கவில்லை." அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

நான் கேட்ட முதல் கேள்வி: "அழித்து எத்தனை நாள் ஆச்சு?" ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றார். அது நல்ல செய்தி. அழி என்று அழுத்தியதும் பெரிய தளங்கள் எதையும் உடனே அழிப்பதில்லை. இன்ஸ்டாகிராமிலும் எக்ஸிலும் மனம் மாறித் திரும்பி வர 30 நாள் தருகிறார்கள். அந்தக் காலம் முழுக்க உங்கள் வரிசை அப்படியே இருக்கும், பெயரும் அதோடு பூட்டியே கிடக்கும். இன்ஸ்டாகிராமில் அதற்கு மேலும் உண்டு: அழிக்கும் வேலை தொடங்கி உள்ளடக்கம் முழுக்க நீங்குவதற்கு 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். 31-ஆம் நாள் காலையில் பெயர் கைக்கு வந்துவிடும் என்று எந்த உறுதியும் இல்லை. அது விடுபடும் கணம் உங்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. அந்த இடைவெளியில் வேறு யாராவது எடுத்துக்கொண்டால் கேட்பதற்கு நாதியில்லை.

ஆகவே அழிப்பை ரத்து செய்வதுதான் முதல் வேலை. அதற்குத் தனிப் படிவம் ஒன்றும் இல்லை, காத்திருப்புக் காலத்துக்குள் பழைய கணக்கில் நுழைந்தாலே போதும். நுழைந்தோம், பக்கம் திரும்பி வந்தது. அடுத்து இரண்டு கணக்குகளையும் இரண்டு சாதனங்களில் திறந்து வைத்துக்கொண்டோம். பழைய கணக்கின் பெயரை யாருக்கும் வேண்டாத ஏதோ ஒன்றாக மாற்றிச் சேமித்தோம். அடுத்த நொடியே புதிய கணக்கில் நல்ல பெயரைத் தட்டினோம். கிடைக்கவில்லை.

இங்கேதான் பலர் பதறிப்போய் பழைய கணக்கை மறுபடி அழிக்கிறார்கள். தேவையே இல்லை. பெயர் மாற்றியவர் மனம் மாறினால் திரும்பிப் போகட்டும் என்று சில தளங்கள் பழைய பெயரைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்திருக்கும். யூடியூபில் ஹேண்டிலை மாற்றினால் பழையதை 14 நாள் நிறுத்தி வைக்கிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் பெரும்பாலான நேரங்களில் 14 நாளுக்குள் பழைய பெயருக்குத் திரும்ப முடியும். பெயர் இப்படிப் பிடியில்தான் இருக்கிறதா, இல்லை வேறு யாரிடமாவது போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய கணக்கிலேயே அந்தப் பெயரை மறுபடி தட்டிப் பாருங்கள், சேமிக்க வேண்டாம். அங்கே மட்டும் ஏற்றுக்கொண்டு மற்ற இடத்தில் மறுத்தால், பெயர் இன்னும் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது. எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. பிடி விலகும்வரை விட்டுவிட்டு மறுபடி முயன்றோம், புதிய கணக்கில் உட்கார்ந்துவிட்டது. எடுத்தவுடனே பெயரை மட்டும் மாற்றியிருந்தால் இதே காத்திருப்போடு முடிந்திருக்கும், அழித்து மீட்ட பதற்றமாவது மிச்சமாகியிருக்கும்.

பழைய கணக்கு உங்களுடையதே என்றால் கதை இப்படி முடியும். பெயர் முன்பின் தெரியாத ஒருவரிடம் மாட்டியிருந்தால்? அப்போது எந்தத் தளம் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜிமெயிலில் காத்திருப்பது வீண். அழிக்கப்பட்ட முகவரியை அவர்கள் யாருக்கும் மறுபடி தருவதில்லை, அழித்தவருக்குமே கிடையாது. ரெடிட்டும் அப்படித்தான். கிட்ஹபில் கணக்கை அழித்தால் 90 நாள் கழித்துப் பெயர் பொதுவுக்கு வரும். டிக்டாக்கில் 180 நாளுக்கு மேல் தூங்கும் கணக்கின் பெயரை எடுத்துவிட்டு, எண்களால் ஆன ஒரு பெயரை வைத்துவிடலாம் என்று விதி இருக்கிறது. 'விடலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள், கட்டாயம் செய்வார்கள் என்று பொருளில்லை. விதிமீறலுக்காக நீக்கப்பட்ட கணக்கின் பெயர் கிடைப்பது இன்னும் கடினம். பல தளங்கள் அதை நிரந்தரமாகவே பூட்டி வைக்கின்றன.

பெயர் யாரிடமும் இல்லாததுபோலத் தெரிந்தும் கிடைக்காமல் போவதும் உண்டு. ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை, `nizhal.padam` என்று ஒருவர் வைத்திருந்தால் `nizhalpadam` உங்களுக்குக் கிடைக்காது, இரண்டும் ஒரே முகவரிதான். டெலிகிராமில் ஆட்கள், குழுக்கள், சேனல்கள், பாட்கள் எல்லாம் ஒரே பெயர்ப் பட்டியலைப் பங்குபோடுகின்றன. ஆட்களை மட்டும் தேடிவிட்டு காலி என்று நினைத்தால், அந்தப் பெயரில் ஒரு பாட் ஓடிக்கொண்டிருக்கும். `admin`, `support`, `login` போன்றவற்றைத் தளங்கள் தொடக்கத்திலேயே தனக்கென ஒதுக்கிவிடும்.

தூங்கும் கணக்குகளின் பெயர்களை எல்லாம் எடுத்துப் பொதுவில் விட்டால் என்ன என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. ஒரு தளம் அதைச் செய்தும் பார்த்தது. 2013-இல் யாகூ, 12 மாதங்களாக யாரும் நுழையாத ஐடிகளை விடுவித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தது. பெயரோடு மின்னஞ்சல் முகவரியும் போனது. புதிதாக வந்தவர்களின் பெட்டியில் பழைய ஆளுக்கான கடிதங்கள் வந்து விழ ஆரம்பித்தன, அவற்றில் தனிப்பட்ட கணக்கு விவரங்களும் இருந்தன. இதில் பெரிய ஆபத்து கடவுச்சொல் மீட்பு. பழைய ஆள் வேறொரு தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்திருந்தால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று புதிய ஆள் அழுத்தினால் போதும், இணைப்பு நேராக அவரிடமே வரும். அந்த செப்டம்பரிலேயே 'இது எனக்கான கடிதம் இல்லை' என்று சொல்ல ஒரு பொத்தானை யாகூ வைக்க வேண்டியதாயிற்று. 2014 ஜூலையில் இதற்கென்றே ஒரு தரநிலை வந்தது, ஆர்எஃப்சி 7293. மின்னஞ்சலின் தலைப்பில் `Require-Recipient-Valid-Since` என்று ஒரு தேதி போகும். அந்தத் தேதிக்குப் பிறகு முகவரி கைமாறியிருந்தால் கடிதத்தைக் கொடுக்காதே என்று அர்த்தம்.

2019 நவம்பரில் ட்விட்டரும் தூங்கும் கணக்குகளை நீக்கப் போவதாக அறிவித்தது. இறந்துபோனவர்களின் பக்கங்கள் என்னாவது என்று குடும்பத்தினர் கேட்டதும் உடனே பின்வாங்கியது. இதெல்லாம் தெரிந்தபிறகு, பெயரை விட மறுக்கும் தளங்கள்மீது எனக்குப் பெரிய கோபம் வருவதில்லை.

கோபம் வருவது வேறு ஆட்கள்மீது. "தளத்துக்குள் எங்களுக்கு ஆள் இருக்கிறது, தூங்கும் பெயரை வாங்கித் தருகிறோம்" என்று செய்தி அனுப்புகிறார்களே, அவர்கள்மீது. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் ஒரு வகை. அந்தக் கணக்கை உண்மையிலேயே களவாடிக் கொடுப்பவர்கள் இன்னொரு வகை, உரிமையாளர் புகார் கொடுத்தால் பெயரோடு உங்கள் கணக்கும் முடங்கலாம். பதிவு செய்த வணிகச் சின்னம் உங்களிடம் இருந்து, அதைப் பயன்படுத்தி ஒருவர் மக்களைக் குழப்புகிறார் என்றால் தளத்தின் வணிகச் சின்னப் புகார்ப் படிவத்தை நிரப்பலாம். வெறுமனே "அவர் பயன்படுத்துவதில்லை" என்ற காரணம் அங்கே செல்லாது.

நீங்கள் அழிக்கப்போகும் பக்கத்தில் நின்றால், பெயர் விடுபடும் தளமா என்று முதலில் பாருங்கள். விடுபடும் என்றால், அந்தப் பெயருக்கு இணைப்பு கொடுத்திருக்கும் இடங்களை எல்லாம் தேடித் திருத்துங்கள்: உங்கள் இணையதளம், மின்னஞ்சல் கையொப்பம், மற்ற தளங்களின் அறிமுக வரி, அச்சடித்த அட்டையில் உள்ள கியூஆர் குறியீடு. நாளை அந்தப் பெயரை எடுப்பவர் அவற்றின் வழியே வரும் உங்கள் வாடிக்கையாளர்களிடம் நீங்களாகவே பேசலாம். நான் பராமரிக்கும் கணக்குகளில் வேண்டாதவற்றை அழிப்பதே இல்லை. உள்ளே இருப்பதை நீக்கிவிட்டு, அறிமுக வரியில் புதிய முகவரியைப் போட்டு, இரட்டைச் சரிபார்ப்பை வைத்து, அப்படியே விட்டுவிடுவேன். எக்ஸில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நுழையச் சொல்கிறார்கள், அதனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நினைவூட்டலும் உண்டு.