வயதுக்கு வந்த பிறகு ஊசி கேட்டு வராதீர்கள்

சுங்கை சிப்புட்டில் கிளினிக் வைத்திருக்கிறேன். போன வாரமும் ஒரு தாய், நாலாம் ஆண்டு படிக்கும் மகளோடு வந்தார். “பத்து வயசுலயே பெரிய பிள்ளையாயிட்டா டாக்டர். இனிமே வளர மாட்டாளே, ஊசி போட்டு நிறுத்துங்க.” கூட வந்த பாட்டிக்குச் சந்தேகமே இல்லை: “எல்லாம் அந்தக் கறிக்கோழி!”

கோழியை முதலில் விட்டுவிடுங்கள். அது சீக்கிரம் பெருப்பதற்கு ஹார்மோன் ஊசி அல்ல, இனமும் தீவனமும்தான் காரணம்.

பாட்டியையே கேட்டேன். லயத்து வீட்டில் வளர்ந்தவர், 15 வயதில் பூப்பெய்தினார். உயரம் 149 செ.மீ. அவர் மகள், அதாவது இந்தத் தாய், 13 வயதில், 155 செ.மீ. சீக்கிரம் வருவதுதான் குட்டையாக்கும் என்றால், இந்த வீட்டில் பாட்டியல்லவா உயரமாக இருக்க வேண்டும்? அரைவயிற்றுச் சாப்பாடு, கொக்கிப்புழு, அடிக்கடி காய்ச்சல். இவை பூப்பையும் தள்ளிப்போட்டன, வளர்ச்சியையும் பிடித்து வைத்தன. சாப்பாடும் சுகாதாரமும் தேறியதும் பூப்பு முன்னால் வந்தது, சராசரி உயரமும் கூடியது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் பெண்கள் 16, 17 வயதில்தான் பூப்பெய்தினார்கள். இன்று 13ஐ ஒட்டி.

ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டால் கதை வேறு. முந்தி வருபவள் பத்து வயதில் வரிசையின் கடைசியில் நெடுநெடுவென்று நிற்பாள். பதினைந்தில் தோழிகள் அவளைத் தாண்டியிருப்பார்கள். பூப்போடு கூடும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், எலும்பு நுனிகளில் வளரும் பகுதியைச் சீக்கிரம் மூடிவிடுகிறது. அதிலும் சராசரி இழப்பு சில செ.மீ.தான். இப்போது பூப்பை இன்னும் முன்னே இழுப்பது பெரும்பாலும் கூடுதல் கொழுப்பு. அந்தக் கொழுப்பு இறுதி உயரத்தைக் கூட்டித் தருவதில்லை. தினமும் மூன்று கப் மைலோ, அதில் கெட்டிப்பால் வேறு! சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். அப்பா 168, அம்மா 155. இரண்டையும் கூட்டி 13ஐக் கழித்துப் பாதியாக்கினால் 155. குடும்ப வாகுப்படி இவள் எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய அதுதான். இப்போது 147. முதல் மாதவிடாய்க்குப் பிறகு பெண்கள் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வளர்வார்கள், பத்தில் வந்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே. ஆக 154, 155ஐத் தொட்டுவிடுவாள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு முதிர்ந்திருக்கும் அளவு, அவள் வயதைவிட மிகவும் முந்தியிருந்தால்தான் இந்தக் கணக்கு குறையும்.

பூப்பை நிறுத்தி வைக்கும் ஊசி இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் அது மிகச் சிறு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் பிள்ளைகளுக்கு. பத்து வயதில் மாதவிடாய் வந்த பிறகு போட்டால் உயரம் கூடாது. வேகமான வளர்ச்சி அதற்கு முன்பே முடிந்திருக்கும். மார்பு அரும்பி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் மாதவிடாய் வருகிறது; நீங்கள் பார்க்க வேண்டியது அந்த அரும்பைத்தான்.

எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினால், பத்துக்கு முன் மாதவிடாய் வந்தால், உடனே கூட்டி வாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டு, தேதியும் எழுதுங்கள். கிளினிக்குக்கு வரும்போது அந்தக் கோடுகளைப் படமெடுத்துக்கொண்டு வந்தால் போதும். சடங்குக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கொடுங்கள், உயரத்துக்கு என்று மட்டும் கொடுக்காதீர்கள். உயரம் கூட்டும் பவுடர் டப்பாவை, தயவுசெய்து, கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.