ஆன்யூட்டி: ஆண்டைப் பிடித்துக்கொண்டு ஆயுளை விட்ட சொல்

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தாளில் “மாதாந்திர வருடாந்திரம்” என்று அச்சாகியிருந்த வரியை என் அக்கா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார். “மாதத்துக்கு ஒரு முறையா, வருடத்துக்கு ஒரு முறையா? இரண்டில் ஒன்றைச் சொல்லுடா” என்று மகனைக் கேட்டார்.

மகன் வங்கியில் எழுத்தர். அக்கா 60 வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அவர் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி கைக்கு வந்துவிட்டது. மீதியைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, மாதாமாதம் பணம் வரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் ஆங்கிலத்தில் ஆன்யூட்டி என்று பெயர். “மாதாமாதம்தான் வரும் அம்மா. வருடாந்திரம் என்பது அதன் பெயர், அவ்வளவுதான்” என்றான் மகன். பொருளுக்கு நேர் எதிராக நிற்கும் ஒரு சொல்லை “பெயர், அவ்வளவுதான்” என்று எத்தனை பேரிடம் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘ஆன்னுஸ்’ என்றால் ஆண்டு. ஆண்டுதோறும் தரும் பணத்துக்கு அதிலிருந்து ஒரு பெயர் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை என்று வழக்கம் மாறியும் பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அந்த ஆண்டு இன்று ஒலிப்பதில்லை. தமிழில் ‘வருடாந்திரம்’ என்றால் வருடம்தான் முதலில் ஒலிக்கிறது. வருடாந்திரத் தேர்வு, வருடாந்திர விழா என்று அடைமொழியாக வாழும் சொல்லைப் பெயர்ச்சொல்லாக நிறுத்தியது அடுத்த பிழை. ‘ஆண்டுத்தொகை’, ‘ஆண்டளிப்பு’ என்று எழுதுகிறவர்கள் வடசொல்லைத் தவிர்த்திருக்கிறார்கள், பிழையைத் தவிர்க்கவில்லை.

இந்தப் பணத்தின் உயிர் ஆண்டில் இல்லை, ஆயுளில் இருக்கிறது. 1693இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்து இறப்புக் கணக்கை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை காலம் இருக்கக்கூடும் என்று பார்த்து, அவருக்கு விற்கும் ஆன்யூட்டிக்கு விலை வைக்கும் முறை அதில் இருக்கிறது. நிறுவனங்கள் இன்றும் அக்காவின் வயதைப் பார்த்துத்தான் தொகை சொல்கின்றன.

இனி, நான் மதிக்கும் நண்பர் ஒருவர் பரிந்துரைக்கும் ‘வாழ்வூதியம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓய்வூதியம் நிலைத்துவிட்டது, அதன் தடத்தில் இதுவும் நிலைக்கும் என்பது அவர் வாதம். கேட்க இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் ஊதியம் என்றால் இன்று சம்பளம். வேலை பார்த்ததற்காக முதலாளி தருவது ஓய்வூதியம். இதுவோ அக்கா தன் பணத்தைக் கொடுத்து விலைக்கு வாங்குவது. “ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு” என்ற குறளைக் காட்டி, ஊதியம் என்றால் ஆதாயம் என்றும் பொருள் உண்டே என்கிறார் நண்பர். அந்தப் பொருளும் இங்கே பொருந்தாது என்பதே என் மறுப்பு.

கணக்கைப் பார்த்தால் தெரியும். விளக்கத்துக்காக வட்டமான எண்களாக வைத்துக்கொள்கிறேன். அக்கா கொடுப்பது 10 லட்சம். அவர் உள்ளவரை மட்டும் தரும் வகையில் மாதம் 6,800 ரூபாய். அவருக்குப் பின் 10 லட்சத்தையும் வாரிசுக்குத் தரும் வகையில் மாதம் 5,600. அதே பணத்தை ஆறரை சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 5,400 சொச்சம் வரும். ஆக 5,600 என்பது ஏறக்குறைய வட்டிதான். 6,800இல் வட்டிக்கு மேல் இருப்பது எங்கிருந்து வருகிறது? அக்காவின் முதலே சிறிது சிறிதாகக் கரைந்து அவரிடம் வருகிறது. இதே ஏற்பாட்டில் சேர்ந்து சீக்கிரம் இறந்தவர்கள் விட்டுச்சென்ற பங்கும் அதில் கலந்திருக்கிறது. தன் முதலே தன்னிடம் வருவதை ஆதாயம் என்று சொல்லலாமா? உள்ளே வருவது எதுவாயினும் தாங்கும் சொல் வருவாய். ஆகவே ‘வாழ்நாள் வருவாய்’ என்பதே என் முடிவு. 10 ஆண்டு, 15 ஆண்டு என்று வரையறுத்து அத்தோடு நிறுத்துகிற ஏற்பாடு இருந்தால் அது ‘தவணை வருவாய்’. ஜீவனாம்சம் என்ற பழைய சொல் பொருளில் இதற்கு நெருங்கியதுதான். மணமுறிவு வழக்குகள் அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டன.

தலைப்புச் சொல்லோடு தொல்லை தீரவில்லை. அதே தாளில் ‘வாங்கிய விலை திரும்பப் பெறுதல்’ என்று ஒரு வகை இருந்தது. அக்கா அதில் விரலை வைத்து, “இது நல்லதாக இருக்கிறதே. மாதாமாதமும் வரும், கொடுத்த பணத்தையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எத்தனை வருடம் கழித்து?” என்று கேட்டார்.

மகன் தயங்கினான். “நீ வாங்க முடியாது அம்மா. உனக்குப் பிறகு எனக்குத் தருவார்கள்.”

திரும்பப் பெறுதல் என்றால் கொடுத்தவரே பெறுவது. கடைக்காரரிடம் சில்லறையைத் திரும்பப் பெறுகிறோம். இங்கே கொடுப்பவர் தாய், பெறுபவர் பிள்ளை, நடுவில் ஒரு மரணம். ‘முதற்பணம் வாரிசுக்கு’ என்று இரண்டு சொல்லில் எழுதியிருந்தால் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். ‘15 ஆண்டு உத்தரவாத காலம்’ என்ற வகையையும் அவர் தவறாகத்தான் புரிந்துகொண்டார். 15 ஆண்டோடு பணம் நின்றுவிடும் என்று நினைத்தார். ஆயுள் முழுவதும் வரும் என்பதும், நாலாம் ஆண்டின் முடிவிலேயே இறந்தால் மீதி 11 ஆண்டு வாரிசுக்கு வரும் என்பதும் அதன் பொருள். ‘ஆயுள் முழுதும், குறைந்தது 15 ஆண்டு’ என்று எழுத என்ன தடை? மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை அடுக்குகிறார்கள். பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்போது போகிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டு எழுதுவதில்லை. பரிசீலனைக்கென்று தரும் சில நாட்கள் கடந்துவிட்டால் இந்தத் தேர்வை மாற்ற முடியாது.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாலு வரி எழுதினேன். நான் உள்ளவரை: 6,800. நான் உள்ளவரை, பிறகு முதற்பணம் வாரிசுக்கு: 5,600. நானும் அவரும் உள்ளவரை: 6,100. நானும் அவரும் உள்ளவரை, பிறகு முதற்பணம் வாரிசுக்கு: 5,500. ‘அவர்’ என்றது அத்தானை. அவருக்கு 64 வயது, சொந்தமாகக் கடை வைத்திருந்தவர், தனக்கென்று ஓய்வூதியம் ஏதும் இல்லாதவர்.

அக்கா நாலாவது வரியைக் காட்டி, “இதுவே இருக்கட்டும். உனக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டாமா?” என்றார்.

“எனக்குச் சம்பளம் வருகிறது அம்மா. மாதம் 600 ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டு எனக்காக நீ முதலைக் காப்பாற்ற வேண்டாம். அப்பாவுக்கும் உனக்கும் மாத்திரை வாங்கவே அந்த 600 வேண்டியிருக்கும்.”

“மாமா என்ன சொல்கிறீர்கள்?” என்று என்னைப் பார்த்தான். நான் தாளை அக்காவிடமே நகர்த்தினேன். அவர் மூன்றாவது வரியில் ‘அவரும்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டு, பேனாவை மூடி வைத்தார்.